கிரையப் பத்திர நகல்: எண்ணும் எழுத்தும் ஒப்புப் பார்த்த குறிப்பு

தம்பிக்கு,

தோவாளை வட்டத்து மனைக்கு நீ தட்டச்சு செய்த நகலைத் தாய்ப்பத்திரம், பட்டா, அளவு வரைபடம் மூன்றோடும் வைத்து ஒப்புப் பார்த்துவிட்டேன். பதிவு புதன்கிழமை, 12.11.2025. விற்கிற அண்ணாச்சி இதற்காகவே மும்பையிலிருந்து வந்திருக்கிறார், வெள்ளிக்கிழமை ரயிலேறிவிடுவார். பிழை தங்கிவிட்டால் பிழைத்திருத்தல் பத்திரத்தில் கையெழுத்துப் போட அவரைத் திரும்ப வரவழைக்க வேண்டும். அதனால் இன்றைக்கே சரி செய்துவிடு.

முதலில் தொகை. எண்ணில் 18,75,000 சரியாக இருக்கிறது. எழுத்தில் “பதினெட்டு லட்சத்து ஐம்பத்தேழாயிரம்” என்று விழுந்திருக்கிறது. பதினெட்டாயிரம் ரூபாய் வித்தியாசம். சென்ட் ஒன்றுக்கு ஒன்றரை லட்சம் என்று பேசியது, பன்னிரண்டரை சென்ட். பெருக்கினால் 18,75,000 வரும். முன்பணம் மூன்று லட்சமும் வரைவோலை 15,75,000-உம் கூட்டினாலும் அதுதான். எண் சரி, எழுத்தை மாற்று. எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் காசோலையில் எழுத்தே நிற்கும் என்று சட்டம் இருக்கிறது. பத்திரத்திலும் தகராறு வந்தால் எழுத்தைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

பரப்பில் உள்ள பிழை இதைவிடக் கனமானது. விவரத்தில் 12.500 சென்ட். எழுத்தில் “பன்னிரண்டு சென்ட் ஐம்பது லிங்க்ஸ்” என்றிருக்கிறது. ஒரு சென்ட் ஆயிரம் சதுர லிங்க்ஸ் அல்லவா? அப்படியானால் நீ எழுதியது 12.050 சென்ட். 450 லிங்க்ஸ், அதாவது 196 சதுர அடி, வாங்குகிற அக்காவின் கையை விட்டுப் போகிறது. காசாகப் பார்த்தால் 67,500. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்குகிறார்கள், ஒரு பூஜ்யம் இடம் மாறியதால் அவர்கள் பக்கத்து வேலிக்காரரோடு மல்லுக்கட்டக் கூடாது.

நான்கு எல்லையையும் நீயே பெருக்கிப் பார். வடக்கும் தெற்கும் 66 அடி, கிழக்கும் மேற்கும் 82.5 அடி, 5,445 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, வகுத்தால் பன்னிரண்டரை. லிங்க்ஸில் பார்த்தாலும் நூறு பெருக்கல் நூற்று இருபத்தைந்து, 12,500. பட்டாவில் ஹெக்டேர் 0, ஏர் 5.06 என்றிருப்பதும் இதற்குப் பொருந்துகிறது. மூன்று வழியிலும் ஒரே விடை வந்தபின்தான் நான் பரப்பை நம்புவேன்.

அடுத்து தாய்ப்பத்திரம். அதில் ௲௱௨௰௵ தை௴ ௰௫௳ என்று இருப்பதைக் கொல்லம் 1120 தை 15 என்று சரியாகப் படித்திருக்கிறாய். ௰ என்பது பத்து, அதைப் பூஜ்யமாக நினைத்துவிடாமல் ௨௰-ஐ இருபது என்று படித்தது நல்லது. தொகை ௹ ௪௱௨௰௫, எழுத்தில் நானூற்று இருபத்தைந்து, அதுவும் ஒக்கும். ஆனால் ஆங்கில ஆண்டை 1944 என்று போட்டுவிட்டாய். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825. தை 15 ஜனவரியில் வருவதால் 1945. மார்கழியில் நாள் பார்க்காமல் ஆண்டு எழுதவே கூடாது, பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். பழைய பத்திரங்களில் திருவிதாங்கூர் நாணயமான சக்கரத்தில் கணக்கு வந்தால் ரூபாயாக மாற்றாதே, உள்ளபடி எழுது.

சர்வே எண் 217/3பி எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்கிறது.

மாற்றி அச்சடிக்க வேண்டிய பகுதி இது:

“கொல்லம் 1120-ஆம் ஆண்டு தை மாதம் 15-ஆம் நாள், ஆங்கிலம் 1945 ஜனவரி மாதம், எழுதப்பட்ட தாய்ப்பத்திரத்தின் வழியாக எனக்குப் பாத்தியப்பட்ட, சர்வே எண் 217/3பி-யில் 12.500 சென்ட் (பன்னிரண்டு சென்ட் ஐந்நூறு சதுர லிங்க்ஸ்) நிலத்தை, ரூ.18,75,000 (ரூபாய் பதினெட்டு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் மட்டும்) கிரையத்துக்குத் தங்களுக்கு விற்றிருக்கிறேன். இதில் ரூ.3,00,000 (ரூபாய் மூன்று லட்சம் மட்டும்) முன்பணமாக வங்கி மூலம் வரவாகியுள்ளது. மீதி ரூ.15,75,000 (ரூபாய் பதினைந்து லட்சத்து எழுபத்தைந்தாயிரம் மட்டும்) இன்று, இரண்டாயிரத்து இருபத்தைந்தாம் ஆண்டு நவம்பர் மாதம் பன்னிரண்டாம் தேதி (12.11.2025), வரைவோலையாகப் பெற்றுக்கொண்டேன்.”

வழிகாட்டி மதிப்பு இந்தத் தொகைக்குக் கீழே என்பதால் கிரையத் தொகைக்கே தீர்வை. ஏழு சதவீதம் ரூ.1,31,250 (ஒரு லட்சத்து முப்பத்தோராயிரத்து இருநூற்று ஐம்பது), பதிவுக் கட்டணம் இரண்டு சதவீதம் ரூ.37,500 (முப்பத்தேழாயிரத்து ஐந்நூறு). அச்சடித்ததும் ஒருவர் எழுத்தை உரக்க வாசிக்கட்டும், மற்றவர் எண்ணைப் பார்க்கட்டும். அக்காவையும் கூப்பிட்டு உட்கார வை.