துண்டிப்புக் கோரிக்கை

தமிழுக்கு 2, கட்டணத்துக்கு 3, மற்றவற்றுக்கு 9 என்று அடுக்கிக்கொண்டே போன குரல், இணைய இணைப்பைத் துண்டிப்பதற்கு எந்த எண் என்பதை மட்டும் சொல்லவில்லை. கும்பகோணத்தில் அரசு உதவிபெறும் பெண்கள் பள்ளியொன்றில் கணக்கு கற்பித்து ஓய்வுபெற்ற டீச்சர், 9ஐ அழுத்திவிட்டு, கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டு, மேசைமேல் வைத்தார். ஒரு புல்லாங்குழல் துணுக்கு திரும்பத் திரும்ப ஒலித்தது. நடுநடுவே, அவருடைய அழைப்பு மிகவும் முக்கியமானது என்ற அறிவிப்பும் வந்தது. கீரையை ஆய்ந்து முடித்து, தண்டுகளைத் தனியே நறுக்கியும் வைத்த பிறகுதான் மனிதக் குரல் கேட்டது.

பேரன் இங்கிருந்து படித்தபோது போட்ட இணைய இணைப்பு அது. அவன் விடுதிக்குப் போய்விட்டான்; டீச்சருக்குக் கைப்பேசியில் உள்ள டேட்டாவே மிச்சம்.

"மேடம், உங்களுக்காக ஒரு சிறப்புச் சலுகை இருக்கிறது. 799 ரூபாய்த் திட்டத்தை 599க்குத் தருகிறோம்."

"வரியோடு சேர்த்துச் சொல்லுங்கள், தம்பி."

பதில் வரத் தாமதமாகவே டீச்சரே சொன்னார்: "18 விழுக்காடு சேர்த்தால் 706 ரூபாய் 82 காசு. பயன்படுத்தாத பொருளுக்கு அதுவும் அதிகம்தான். துண்டித்துவிடுங்கள்."

அடுத்து அந்த இளைஞர் 399 என்றார். அதற்கு 470 ரூபாய் 82 காசு என்று டீச்சரின் மறுமொழி போயிற்று. வேகத்தை இரட்டிப்பாக்குவதாகச் சொன்னபோது, ஓடாத வண்டிக்கு வேகம் எதற்கு என்று டீச்சர் கேட்டார். திரைப்படச் செயலிகள் இலவசம் என்றபோது, கண்புரை அறுவைக்கு நாள் குறித்திருப்பதைத் தெரிவித்தார். புதிய இணைப்பென்றால் மறுநாளே ஏணியோடு ஆள் அனுப்பும் நிறுவனங்கள், வேண்டாம் என்பவரிடம் மட்டும் இவ்வளவு பொறுமை காட்டுவது வேடிக்கைதான்.

இளைஞர் மேலதிகாரியிடம் அழைப்பை மாற்றினார். மீண்டும் அதே புல்லாங்குழல், சோறு வெந்தது. வந்த மேலதிகாரி, ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகச் செலுத்தினால் மூன்று மாதம் இலவசம் என்றார்.

"அதாவது, மூன்று மாதத்தை மிச்சம் பிடிக்க நான் பன்னிரண்டு மாதத்துக்குப் பணம் கட்ட வேண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகூட இந்தக் கணக்கில் விடை தவறு என்று சொல்லிவிடும். எனக்கு வேண்டிய விடை பூஜ்யம்."

மறுமுனையில் சிரிப்பை அடக்கும் ஓசை கேட்டது. பிறகு காரியம் விரைவாகவே நடந்தது. கோரிக்கை எண்ணை டீச்சர் நாள்காட்டித் தாளின் பின்புறம் எழுதி, ஒவ்வோர் இலக்கமாகத் திருப்பிப் படித்துச் சரிபார்த்தார். ரவுட்டரை எடுக்க எப்போது வருவார்கள், முன்பணம் எந்தக் கணக்கில் சேரும் என்பவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

சேவைக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கடைசியாக இயந்திரக் குரல் கேட்டது. பையன்கள் இருவரும் மரியாதையாகப் பேசினார்கள் என்பதற்காக டீச்சர் 4ஐ அழுத்தினார். ஒரு மதிப்பெண்ணைப் புல்லாங்குழலுக்காகக் குறைத்தார்.