2026 ஹஜ் பயணத்துக்கான நீண்ட விடுப்பு விண்ணப்பம்

திருப்பூர்,
6 நவம்பர் 2025

அனுப்புநர்:
மு. அப்துல் ரஹீம்,
உற்பத்தி மேலாளர், இரண்டாவது யூனிட்.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
தலைமை அலுவலகம், திருப்பூர்.

பொருள்: தாயாருடன் ஹஜ் பயணம் செல்ல 2.5.2026 முதல் 13.6.2026 வரை விடுப்பு வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தீபாவளி விடுமுறை முடிந்து ஆட்கள் எல்லோரும் திரும்பி, ஆறு லைனும் ஓடத் தொடங்கிய பிறகு இந்தக் கடிதத்தைத் தரலாம் என்று காத்திருந்தேன். கேட்பது பெரிய விடுப்பு என்பதால் போகிற போக்கில் வாயால் சொல்லாமல் எழுதியே தருகிறேன்.

என் அம்மாவை ஹஜ்ஜுக்கு அழைத்துச் செல்ல 2026 மே 2 சனிக்கிழமை முதல் ஜூன் 13 சனிக்கிழமை வரை எனக்கு விடுப்பு வேண்டும். ஜூன் 15 திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு வந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளையும் பக்ரீத் விடுமுறையையும் கழித்தால் 36 வேலை நாட்கள். ஏப்ரல் முடிவில் என் கணக்கில் சம்பளத்துடன் கூடிய விடுப்பு 26 நாள் இருக்கும் என்று ஹெச்ஆரில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். மீதி 10 நாளைச் சம்பளம் இல்லாத விடுப்பாக எடுத்துக்கொள்கிறேன். இந்த 26 நாளைச் சேர்த்து வைப்பதற்காகத்தான் இந்த வருடம் முழுக்க நான் லீவே போடவில்லை.

நாங்கள் போவது 48 பேர் கொண்ட ஒரு குழுவில். மே 3 இரவு இங்கிருந்து பஸ்ஸில் நெடும்பாசேரி, மே 4 கொச்சியிலிருந்து ஜித்தாவுக்கு விமானம். முதலில் மக்காவில் தங்குகிறோம். ஹஜ்ஜின் கடமைகள் மே 25 முதல் 30 வரை வரும். அதில் 26ஆம் தேதி அரஃபா நாள். பிறையைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகலாம். ஜூன் 1 அன்று மதீனா போய், அங்கே 40 வேளைத் தொழுகை முடித்து, ஜூன் 10 அன்று 48 பேரும் ஒன்றாகத் திரும்புகிறோம். விசா, விமான டிக்கெட், தங்கும் அறை, மினா கூடாரம் எல்லாமே குழுவின் பெயரில் ஒன்றாகப் போடுவது. நான் மட்டும் பத்து நாள் தாமதமாகப் போகவோ ஒரு வாரம் முன்னதாகத் திரும்பவோ வழியில்லை. அரஃபா நாளன்று அரஃபா மைதானத்தில் இல்லாவிட்டால் ஹஜ்ஜே இல்லை. தைப்பூசத்துக்கு நீங்கள் பழனிக்கு நடந்து போகும்போது நாளைத் தள்ளி வைக்க முடியாது அல்லவா, இதுவும் அப்படித்தான் ஐயா.

போன ஏப்ரலில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். புறப்பட ஆறு வாரம்கூட இல்லாத நேரத்தில் வந்து விடுப்பு கேட்டேன். நீங்கள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. முதல் யூனிட்டிலிருந்து ஆளை மாற்றி, வெளியிலிருந்து ஒரு தற்காலிக இன்சார்ஜையும் எடுத்தீர்கள். அடுத்த இரண்டு வாரத்தில் பயணமே இல்லை என்று ஆகிவிட்டது. 2025இல் இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட 1,75,025 இடங்களில் தனியார் குழுக்களுக்கு என்று இருந்தவை 52,507. சவூதி அரசு வைத்த கெடுவுக்குள் பணமும் ஒப்பந்தங்களும் போய்ச் சேராததால் அதில் பெரும்பகுதி கைவிட்டுப் போனது. அரசு பேசிய பிறகு திரும்பக் கிடைத்தது 10,000 இடங்கள்தான். அதில் நாங்கள் இல்லை. பெட்டி கட்டி வைத்திருந்த அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. கட்டிய பணம் தவணை தவணையாகத் திரும்பி வந்து முடிய ஆகஸ்ட் ஆனது. ஆனால் எனக்கு அதைவிட உறுத்தியது, உங்களை ஆள் தேட வைத்துவிட்டு "போகவில்லை" என்று வந்து நின்றதுதான். அந்த நிலை மறுபடி உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் இந்த முறை ஆறு மாதம் முன்பே கேட்கிறேன்.

இந்த முறை வேறு குழு. சவூதி தரப்பில் கட்ட வேண்டியதை முன்கூட்டியே கட்டுகிறார்கள், அதற்கான ரசீதுகளையும் எங்களுக்குக் காட்டுகிறார்கள். ஆளுக்கு 6,80,000 ரூபாய். முன்பணமாக ஆளுக்கு 2 லட்சம் கட்டிவிட்டோம். அடுத்த 3 லட்சத்தை நவம்பர் 25க்குள் கட்ட வேண்டும். அதன் பிறகு பெயர் மாற்றமும் இல்லை, பணமும் திரும்பாது. அதனால் உங்கள் பதில் நவம்பர் 20க்குள் கிடைத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

ஒரு வருடம் தள்ளிப் போட்டால் கம்பெனிக்கு வசதியாக இருக்குமா என்று நானே யோசித்துப் பார்த்தேன். ஹஜ் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். 2027இல் மே மாதம் நடுவில் வரும், 2028இல் மே மாதத் தொடக்கத்தில். எப்படிப் பார்த்தாலும் நம்முடைய இந்த சீசனுக்குள்தான். அம்மாவுக்கு இப்போதே 67 வயது. மூட்டு வலிக்கு மருந்து எடுக்கிறார், ஆனால் இன்னும் கைத்தடி இல்லாமல் நடக்கிறார். கஅபாவைச் சுற்றி வரும் தவாஃபுக்கு ஏழு சுற்று, ஸஃபா மர்வா குன்றுகளுக்கு இடையே ஏழு நடை, அதுவும் 40 டிகிரிக்கு மேல் போகும் வெயில் காலத்தில். இரண்டு வருடம் கழித்து முடியுமா என்று டாக்டரிடம் கேட்டேன், அவரால் உறுதி சொல்ல முடியவில்லை. கூடப் போக என்னைத் தவிர ஆண் பிள்ளை இல்லை. நான் போகாவிட்டால் அம்மாவும் போகப் போவதில்லை.

அத்தாவை உங்களுக்கு நன்றாகவே தெரியும். பெரிய ஐயா காலத்தில் பிளாட்லாக் மிஷினில் 22 வருடம் உட்கார்ந்தவர். மாதா மாதம் சம்பளத்தில் ஒரு தொகையை "ஹஜ்ஜுக்கு" என்று தனியாக எடுத்து வைப்பார். அந்தப் பணம் ஒரு தடவை அக்கா கல்யாணத்துக்கும், ஒரு தடவை என் படிப்புக்கும், கடைசியில் அவருடைய ஆஸ்பத்திரிச் செலவுக்கும் போய்விட்டது. அவருடைய வேண்டுதலை அம்மா தன்னுடையதாக எடுத்துக்கொண்டார். முன்பணம் கட்டிய ரசீதைக் காட்டியபோது, "இந்த வாட்டியாவது நடக்குமா கண்ணு?" என்று மட்டும்தான் கேட்டார். இதையெல்லாம் சொல்லி உங்களை இளக வைக்கப் பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 36 நாள் கேட்பவன் ஏன் கேட்கிறேன் என்பதை முழுதாகச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதினேன்.

சரி, வேலைக்கு வருகிறேன். மே மாதம் நமக்கு எளிதான மாதம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஜூன் கடைசியில் போக வேண்டிய ஃபுல் ஸ்லீவ், ஹூடி ஆர்டர்களின் கட்டிங் அப்போதுதான் தொடங்கும். வட மாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குப் போகும் நேரமும் அதுதான். அடுத்த வருடம் நம் மாநிலத்திலும், வங்காளம், அசாமிலும் சட்டமன்றத் தேர்தல் வேறு வருகிறது, அதனால் டெய்லர் வரத்து வழக்கத்தைவிடக் குறையலாம். போதாததற்கு அமெரிக்காவில் வரி 50 சதவீதம் ஆன பிறகு நாம் நம்பியிருப்பது ஐரோப்பிய பையர்களைத்தான். அவர்களிடம் ஒரு ஷிப்மெண்ட்கூடத் தவறக்கூடாது.

எனக்குப் பதிலாக லைன் சூப்பர்வைசர் செல்வராஜ் அண்ணனை யூனிட்டைப் பார்க்கச் சொல்லலாம் என்பது என் யோசனை. 180 டெய்லர்களில் யார் எந்த ஆபரேஷனில் கைதேர்ந்தவர் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அவருக்குப் பழக்கம் இல்லாதது பையர் மெயிலும் தினசரி ரிப்போர்ட்டும்தான். அதை மெர்ச்சண்டைசர் கோகிலா எடுத்துக்கொள்ளட்டும். இருவரிடமும் ஜாடையாகக் கேட்டேன், சம்மதம் என்றார்கள். ஆனால் நீங்கள் சொல்வதுதான் முடிவு. ஜனவரியிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் காலை மீட்டிங்கைச் செல்வராஜ் அண்ணனே நடத்தட்டும், நான் பக்கத்தில் இருக்கிறேன். மார்ச்சில் ஒரு முழு வாரம் நான் முதல் யூனிட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அந்த வாரம் எங்கே இடறுகிறது என்று பார்த்தால், சரிசெய்ய ஏப்ரல் மாதம் முழுக்கக் கையில் இருக்கும். இதைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும் ஐயா. நான் இல்லாமல் யூனிட் ஒரு வாரம் ஓடுவதை நீங்களும் கண்ணால் பார்த்த பிறகு நான் கிளம்பினால்தான் எனக்கு நிம்மதி.

பையரின் சோஷியல் ஆடிட்டை மே மாதத்துக்கு விடாமல் மார்ச்சுக்குள் முடிக்கத் தேதி கேட்கலாம். சம்பளப் பதிவேடு, ஓவர்டைம் கணக்கு, தீயணைப்பு ஒத்திகைப் பதிவு எல்லாம் பிப்ரவரியிலேயே தயாராக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். துணி விஷயத்தில்தான் எனக்குக் கொஞ்சம் கவலை. சாயம் ஏற்றி, காம்பேக்டிங் முடிந்து துணி வருவது மூன்று நாள் தள்ளினாலும் லைன் காலியாக நிற்கும். அதனால் மே மாதக் கட்டிங்குக்கு வேண்டிய துணியில் பாதியாவது ஏப்ரல் 25க்குள் நம் குடோனில் இருக்க வேண்டும் என்று டையிங் யூனிட்டிடம் இப்போதே பேசி வைக்கிறேன்.

அங்கே இருக்கும்போது இங்கே காலை 11 முதல் 12 மணி வரை என்னைப் போனில் பிடிக்கலாம். அங்கே அப்போது காலை எட்டரை மணி தொடங்கியிருக்கும், தொழுகைக்கு இடைஞ்சல் இல்லாத நேரம். மே 25 முதல் 30 வரையிலான ஆறு நாள் மட்டும் அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மினா, அரஃபா, முஸ்தலிஃபா என்று கூட்டத்தோடு நகர்ந்துகொண்டே இருப்போம், அம்மாவின் கையை விட முடியாது.

தடுப்பூசி, பாஸ்போர்ட் வேலைகள், ஹஜ் பயிற்சி வகுப்பு எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமைகளில் வைத்துக்கொள்கிறேன். அதற்காகத் தனியாக லீவு கேட்க மாட்டேன். போன முறை போல ஏதாவது தடங்கல் வந்தால், எனக்குத் தெரிந்த அன்றைக்கே உங்களிடம் சொல்லிவிடுவேன்.

குழுவின் பயணத் திட்டம், பணம் கட்டிய ரசீது, விடுப்புக் கணக்கு மூன்றின் நகலையும் இணைத்திருக்கிறேன். அடுத்த வாரம் நீங்கள் யூனிட்டுக்கு வரும்போது பத்து நிமிடம் ஒதுக்கினால், செல்வராஜ் அண்ணனையும் வைத்துக்கொண்டு நேரில் பேசலாம். தேதியைத் தவிர மற்ற ஏற்பாடுகளில் எதை மாற்றச் சொன்னாலும் மாற்றிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மு. அப்துல் ரஹீம்