மூங்கில் வனத்து முளைத்தவனே: குட்டியின் அரங்கேற்றத்துக்கு ஒரு வணக்கப் பாட்டு

குட்டி, பாட்டு முடிந்துவிட்டது. முழுசாகக் கீழே இருக்கிறது. முதலில் நீ ஒரு தடவை வாய்விட்டுப் படி, அப்புறம் டீச்சருக்கும் பாடுகிற அக்காவுக்கும் அனுப்பு. புஷ்பாஞ்சலிக்குப் பதிலாக இதுவே முதல் உருப்படி, இதை முடித்துத்தான் அலாரிப்பு என்று டீச்சர் சொன்னார்கள். அதனால் பூத்தட்டோடு நீ உள்ளே வருவதற்கும் இதிலேயே இடம் வைத்திருக்கிறேன்.

ராகமாலிகை, ஆதி தாளம்

பல்லவி (கம்பீர நாட்டை)

மூங்கில் வனத்து முளைத்தவனே சரணம்
முதலடி வைக்கின்றேன் முன்னின்று காப்பாய்

அனுபல்லவி

தாங்கிடும் காந்திமதித் தாயே சரணம்
தாமிர சபையாடும் தாளே சரணம்
ஆற்றங் கரையரசின் அடியமர் ஐங்கரனே
போற்றி அருகம்புல் புனைந்தேன் உன் பொன்னடியில்
(மூங்கில் வனத்து)

சரணம் 1: அரங்கம் (ஆனந்த பைரவி)

மண்ணே, மரப்பலகை மேடையே, வணக்கம்
மிதிக்குமுன் குனிந்துன் பொறுமை கேட்டேன்
கண்ணளவு பார்த்துக் கழைவெட்டி வந்து
கோலிட்டு முன்னோர் குறித்த அரங்கே
எண்கோல் நீளம் எழுகோல் அகலம்
எத்தனை பாதங்கள் ஏற்று நின்றாய்
பெண்பிள்ளை என்பாதம் பிழைத்தால் பொறுப்பாய்
பிறந்த மண்ணாய் என்னைப் பிடித்து நிற்பாய்
(மூங்கில் வனத்து)

சரணம் 2: ஆசிரியர் (மோகனம்)

தட்டுக் கழியின் ஒலியே என் பள்ளி
தையா தை என்றதே முதற் பாடம்
கட்டை விரல்நுனியும் கடைக்கண் நுனியும்
கற்றுத் தந்த குருவே வணக்கம்
அரைமண்டி எழும்பினால் அதட்டி அமர்த்தி
அயர்ந்தால் மடியில் தலைசாய வைத்து
ஒருநாளும் போதுமென் றோயாத கையே
உம் தாளம் என்காலில் உயிராய் நின்றதே
(மூங்கில் வனத்து)

சரணம் 3: இசைஞர் (கல்யாணி)

நெல்லைத் தலமரம் துளைகொண்ட குழலாய்
நின்று பாடுதே, ஊதுவோரே, வணக்கம்
எல்லையில் குறும்பலா தோல்போர்த்த முழவாய்
எழுந்து முழங்குதே, கொட்டுவோரே, வணக்கம்
பொருநை நடைபோலே வில்லோடும் வயலின்
பிரியாது குரலோடு, இசைப்போரே, வணக்கம்
ஒருசொல் நான்ஆட ஒருபாட்டாய் விரியும்
ஒப்பில்லாக் குரலே, பாடுவோரே, வணக்கம்
(மூங்கில் வனத்து)

சரணம் 4: இறைவன் (சஹானா)

ஊரெங்கும் பெய்தமழை உலர்நெல்லை மட்டும்
ஒருதுளி தீண்டாமல் வேலி இட்டாய்
பாரெங்கும் பார்க்கஇப் பயிர்நிற்கும் நேரம்
பயமழை படாமல் வேலி இடுவாய்
ஆரென்று கேட்டால் உன்ஊர்ப்பிள்ளை என்பேன்
ஆடுமென் காலுக்குத் துணை நிற்பாய்

(கம்பீர நாட்டை)

தாமிர சபைதன்னில் தாண்டவம் செய்வாய்
சித்திர சபைதன்னில் சித்திரம் ஆவாய்
பாமரச் சிறுமியென் பாதத்தி லும்கொஞ்சம்
பதம்வைத் தருள்வாய் மூங்கில் வனத்தானே

தீர்மானம்

தகதிமி தகஜணு தகதிமி தகிட
ததிங்கிணதோம் , ததிங்கிணதோம் , ததிங்கிணதோம்

மூங்கில் வனத்து முளைத்தவனே சரணம்
முதலடி வைக்கின்றேன் முன்னின்று காப்பாய்

பாட்டு அவ்வளவுதான். இனி நீ ஆடும்போது மனசில் வைத்துக்கொள்ள வேண்டியதைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படி.

எந்த ஊரிலும் எந்தப் பிள்ளையும் ஆடலாம் என்கிற மாதிரி பொதுவாக ஒரு வணக்கப் பாட்டு உனக்கு வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே முடிவு பண்ணிவிட்டேன். நீ திருநெல்வேலிப் பிள்ளை. நெல்லையப்பர் கோவில் இருக்கிற இடம் ஆதியில் மூங்கில் காடு, அதனால்தான் சுவாமிக்கு வேணுவனநாதர் என்று பேர், தலமரமும் மூங்கில். அரண்மனைக்குப் பால் கொண்டுபோனவர் அந்தக் காட்டில் ஒரு கல்லில் தினமும் இடறிப் பாலைக் கொட்டினதும், அந்தக் கல்லை வெட்டப்போய் ரத்தம் வந்ததும் ஆச்சி உனக்குச் சொன்ன கதைதான். பல்லவியில் ‘முளைத்தவனே’ என்று வருவது அதற்காக. அந்த வரிக்கு லிங்க முத்திரை மட்டும் பிடித்து நிறுத்திவிடாதே, தரையிலிருந்து மூங்கில் குருத்து எழும்புகிற மாதிரி கையைக் கீழேயிருந்து கொண்டுவந்து, அப்புறம் லிங்கமாக முடி. டீச்சருக்கு வேறு யோசனை இருந்தால் அவர்கள் சொல்வதுதான் சரி.

அரங்கத்துக்கு எழுதின சரணத்தில்தான் நான் ரொம்ப நேரம் நின்றேன். சிலப்பதிகாரத்தில் மாதவி அரங்கேறுகிற காதை இருக்கிறது இல்லையா, அவளும் ஏழு வருஷம் படித்துப் பன்னிரண்டாவது வயசில்தான் மேடை ஏறுகிறாள், ஏறக்குறைய உன் வயசு. அந்தக் காதையில் மேடை கட்டுகிற அளவெல்லாம் சொல்லியிருக்கிறார்கள்: உயர்ந்த மலையில் வளர்ந்த மூங்கிலில், ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கிறதாகப் பார்த்து வெட்டி, அதிலிருந்து அளவுகோல் செய்து, அந்தக் கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். ‘கண்ணளவு’ என்று நான் எழுதினது அந்தக் கணுவைத்தான், முகத்தில் இருக்கிற கண்ணைக் காட்டிவிடாதே. சுவாமி முளைத்ததும் மூங்கிலில், மேடையை அளந்ததும் மூங்கிலால் என்று கண்ணில் பட்ட அந்த நிமிஷத்திலிருந்து பாட்டு தானாக நடக்க ஆரம்பித்துவிட்டது. மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நாட்டிய நமஸ்காரத்தில் எப்போதும் நீ செய்கிறதுதான், இங்கே ‘குனிந்துன் பொறுமை கேட்டேன்’ என்கிற வரியில் அதை அவசரப்படாமல் செய். பாளையங்கோட்டை மண்டபத்தில் மேடைக்குக் கம்பளம் விரிக்கிறார்கள் என்று உன் அப்பா சொன்னான், அன்றைக்கு அதை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். பலகைக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் துணிமேல் ஆடினால் தட்டுகிற சத்தமே கேட்காது.

குருவுக்கான சரணத்தில் டீச்சர் பேரைப் போடவில்லை, வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள், நாளைக்கு உனக்குப் பின்னால் வருகிற பிள்ளைகளும் இதை ஆடட்டும் என்று. சுவாமியை ‘நீ’ என்று கூப்பிடலாம், நம் ஊரில் அப்படித்தான் உரிமையோடு கூப்பிடுவோம். டீச்சரை அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அதனால் அங்கே ‘உம் தாளம்’. இதில் ஒரு சிக்கல் உண்டு. நீ வணங்குகிற நேரத்தில் டீச்சர் நட்டுவாங்கம் பண்ணிக்கொண்டிருப்பார்கள், தாளத்தை விட்டுவிட்டு உன்னை ஆசீர்வாதம் பண்ண முடியாது. ஆகவே ‘குருவே வணக்கம்’ என்ற இடத்தில் காலைத் தொடப் போகாதே, உன் இடத்திலேயே அவர்கள் பக்கம் திரும்பி நின்று கைகூப்பு, போதும். அவர்கள் கையில் அந்த வெண்கலமும் இரும்பும் மோதுகிற சத்தம்தான் உனக்கு ஆசீர்வாதம். ‘மடியில் தலைசாய’ என்ற வரியை நான் கற்பனையாக எழுதவில்லை ஏட்டி, காய்ச்சலோடு வகுப்புக்குப் போய் நீ அவர்கள் மடியிலேயே தூங்கிப்போனதை உன் அம்மா சொல்லியிருக்கிறாள்.

மூன்றாவது சரணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. புல்லாங்குழல் மூங்கில், அது நெல்லையப்பர் தலமரம். மிருதங்கக் கட்டை பலாமரத்தில் கடைகிறது, குற்றாலநாதர் கோவிலுக்குத் தலமரம் குறும்பலா. நடராஜருக்கு ஐந்து சபை என்பார்கள், திருவாலங்காட்டில் ரத்தினம், சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, நம் நெல்லையில் தாமிரம், குற்றாலத்தில் சித்திரம். ஐந்தில் இரண்டு நம் பக்கத்தில் இருக்கிறது, அந்த இரண்டு கோவில் மரமும் உன் பக்கத்தில் குழலாகவும் மிருதங்கமாகவும் உட்கார்ந்திருக்கும்! 2019-ல் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்ததால் ‘எல்லையில் குறும்பலா’ என்று எழுதினேன், ஆனால் பாட்டில் ஒன்றாகத்தான் வைத்திருக்கிறேன். வயலினுக்கு நம் ஊர் மரம் எதுவும் சொல்ல வழியில்லை, அதற்கு ஆற்றைக் கொடுத்தேன். பொருநை என்றால் தாமிரபரணிதான், பாடுகிற அக்காவுக்கும் சொல்லிவிடு. இந்தச் சரணத்தில் நீ அதிகம் ஆட வேண்டாம். ஒவ்வொரு ‘வணக்கம்’ முடிந்ததும் அந்த வாத்தியக்காரர் அரை ஆவர்த்தனம் தனியாக வாசிக்கட்டும், நீ அதைக் கேட்டுக்கொண்டு நில், சபை அவர்களைப் பார்க்கட்டும்.

நெல்லுக்கு வேலி போட்ட கதை உனக்குத் தெரியும், நைவேத்தியத்துக்குக் காயப்போட்ட நெல் நனையாமல் சுற்றி மட்டும் மழை பெய்தது. முதல் இரண்டு வரியில் கதையைச் செய், மழைக்கு விரல்கள் இறங்கட்டும். அடுத்த இரண்டு வரியில் அந்த நெல் நீதான். கை அதே கை, முகம் மட்டும் மாறணும். மேடை ஏறினதும் வயிற்றைப் பிசைகிறது என்று சொன்னாயே, அதை மறைக்க வேண்டாம் குட்டி, இந்த இடத்தில் சுவாமியிடம் அப்படியே சொல்லிவிடு. சஹானாவைப் போட்டது அதற்காகத்தான். அக்கா இந்த நாலு வரியையும் இரண்டிரண்டு தடவை பாடட்டும், அவசரம் வேண்டாம்.

‘சித்திரம் ஆவாய்’ என்ற இடத்தில் குஞ்சித பாதம் எடுத்து ஒரு ஆவர்த்தனம் அசையாமல் நிற்கணும், குற்றாலத்தில் நடராஜர் ஓவியமாகத்தானே இருக்கிறார். கால் நடுங்கினால் நடுங்கட்டும், இறக்காதே.

தீர்மானத்துக்குக் கணக்கு: ஒரு ஆவர்த்தனம், தட்டுக்கு நாலு வீதம் 32. முன்பாதி நாலு, நாலு, நாலு, மூன்று என்று 15. பின்பாதியில் மூன்று ததிங்கிணதோம், ஐந்து ஐந்தாக 15, நடுவில் இரண்டு இடத்தில் ஒவ்வொரு கார்வை, ஆக 17. கடைசித் தோம் 32-ல் விழும், பல்லவி சமத்தில் எடுப்பு. மிருதங்கக்காரருக்கு இது போதும், மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார்.

மொத்தமும் நிதானமாகப் போனால் எட்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூடலாம். நீளம் என்று டீச்சர் நினைத்தால் அனுபல்லவியில் கடைசி இரண்டு வரியை எடுத்துவிட்டுப் பிள்ளையாருக்குத் தனியாக ஒரு சுலோகம் வைத்துக்கொள்ளலாம். இசைஞர் சரணத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டதாகச் சொல். அக்கா மெட்டுப் போட்டு அனுப்பினதும் எனக்கும் அனுப்பு, சீர் பிரிக்கிறதில் எங்கேயாவது இடித்தால் அன்றைக்கே மாற்றிக் கொடுத்துவிடுகிறேன்.

பெரியம்மா