மாமாவுக்கு ஒரு கடிதம்

சென்னை
ஐப்பசி, 2025

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையின் காரியம் முடிந்து எல்லோரும் அவரவர் ஊருக்குத் திரும்பிவிட்டோம். வீட்டில் கூட்டம் இருந்தவரை உங்களோடு உட்கார்ந்து பேசவே முடியவில்லை. வந்தவர்கள் சாப்பிட்டார்களா, படுக்கப் பாய் இருக்கிறதா என்று நீங்கள்தான் விசாரித்துக்கொண்டிருந்தீர்கள். போனில் கூப்பிட்டால் "நான் நல்லா இருக்கேன்மா" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். தபால் ஆபீசில் காலம் முழுக்க இருந்தவர், கடிதத்தைப் பிரிக்காமல் இருக்கமாட்டீர்கள்.

"நிறைஞ்ச வயசு, சுமங்கலியாப் போய்ட்டா, கொடுத்துவெச்சவ" என்று வந்தவர்கள் சொன்னபோது நீங்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டீர்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். ஆனால் அதெல்லாம் போனவருக்குச் சரி. வீட்டில் தனியாக இருக்கிறவருக்கு அதனால் என்ன ஆகப்போகிறது? 56 வருஷம் சேர்ந்து இருந்த பிறகு துக்கம் கூடத்தானே செய்யும்?

உங்கள் கல்யாணக் கதையை அத்தை சொல்லி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். 1969 தை மாதம், அறிஞர் அண்ணா மறைந்த அதே வாரம். ஊரே துக்கத்தில் இருந்ததால் நாதஸ்வரம் வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம். "மேளம் இல்லாம கட்டின தாலி" என்று அத்தை ஆரம்பித்தால், "அதான் அன்னையிலேர்ந்து வீட்டுல தினம் மேளம்" என்று நீங்கள் முடிப்பீர்கள். இரண்டு பேரும் சேர்ந்து சொன்னால்தான் அந்தக் கதை முழுசாகும்.

சாயங்காலம்தான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஏழரை மணிக்கு நீங்கள் ஃபிரிட்ஜிலிருந்து இன்சுலினை எடுப்பீர்கள், அத்தை முகத்தைத் திருப்பிக்கொள்வார், ஊசி போட்டதும் "ஆச்சா?" என்பார். இந்தக் கடைசி வருஷங்களில் உங்கள் பொழுதெல்லாம் அவருடைய சர்க்கரை, முழங்கால், மாத்திரை டப்பா என்றே போனது. இப்போது அந்த ஏழரை மணி வந்தால் கைக்கு வேலை இல்லை. "இனிமேலாவது கொஞ்சம் ஓய்வெடுங்க" என்று யாராவது சொன்னால் உங்களுக்கு எரிச்சல் வரும். வரட்டும், நியாயம்தான். அத்தையை எவ்வளவு பொறுமையாகப் பார்த்துக்கொண்டீர்கள் என்பதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அத்தையே என்னிடம் சொல்லியிருக்கிறார்: "உங்க மாமா மாதிரி யாரும் எனக்கு வலிக்காம ஊசி போட மாட்டாங்க." உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க மாட்டார் என்று தெரியும். அதனால் நான் சொல்கிறேன்.

ராத்திரி சாப்பிடாமல் மட்டும் படுக்காதீர்கள் மாமா. ஒருத்தருக்காக அடுப்பு பற்றவைக்க மனசு வராது. எதிர்வீட்டு அக்காவிடம் பேசிவிட்டேன், இரண்டு இட்லியோ தோசையோ கொடுத்தனுப்புவார். வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

பெங்களூருக்கு வந்துவிடச் சொல்லித் தம்பி வற்புறுத்துகிறான். பாசத்தில்தான் கேட்கிறான். ஆனாலும் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: வருஷ திதி முடியும்வரை எதையும் முடிவு செய்யாதீர்கள். வீட்டைப் பூட்டுவது, அத்தையின் புடவைகளை எடுத்துக் கொடுப்பது எல்லாம் அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மாயவரத்தில் தெருவில் இறங்கினால் நாலு பேர் அத்தையைப் பற்றிப் பேசுவார்கள். பெங்களூரில் அந்த அபார்ட்மென்டில் அவரைத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்? தம்பியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இந்த வருஷம் நமக்குத் தீபாவளி இல்லை. அது போய்விடும். காவிரிக் கடைமுழுக்குதான் உங்களுக்குப் பெரிதாக இருக்கும். முழங்கால் வலி வந்த பிறகு, ஐப்பசிக் கடைசி நாள் கூட்டத்தை விட்டுவிட்டு மறுநாள் முடவன் முழுக்குக்குத்தானே அத்தையைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். நடக்க முடியாமல் தாமதமாக வந்து சேர்ந்த முடவனுக்காகச் சாமி ஒரு நாள் கூட்டிக் கொடுத்தார் என்ற கதையைச் சொல்லி, "எனக்காகத்தான் அந்த நாளே" என்பார் அத்தை. இந்தத் தடவை நீங்கள் துலாக்கட்டத்துக்குப் போகப் பிடிக்கவில்லை என்றால் வீட்டிலேயே இருக்கலாம். போகத் தோன்றினால் நான் கூட வருகிறேன்.

அதற்காக உழவன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிட்டேன். கடைமுழுக்கன்று விடியுமுன்னே மாயவரம் வந்துவிடும். நீங்கள் ஸ்டேஷனுக்கு வரவேண்டாம், ஆட்டோ பிடித்து வந்துவிடுவேன். நாலு நாள் இருப்பேன். நவம்பரில் பென்ஷனுக்கு உயிர்ச்சான்று கொடுக்க வேண்டுமே, பேங்குக்கு இரண்டு பேருமே போய்வரலாம். ஜாயின்ட் அக்கவுண்டில் அத்தையின் பெயரை எடுக்க இறப்புச் சான்றிதழ் நகல் கேட்பார்கள். அந்த ஃபாரத்தை நீங்கள் தனியாக உட்கார்ந்து நிரப்ப வேண்டாம், நான் வந்து எழுதுகிறேன்.

தினமும் ஏழரைக்கு நான் போன் செய்வேன். பேசப் பிடிக்காத நாளில் எடுத்து "சரிம்மா" என்று மட்டும் சொல்லுங்கள், போதும். பேசத் தோன்றினால் அத்தையைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். எனக்கும் அவரைப் பற்றிப் பேச உங்களை விட்டால் ஆள் இல்லை.

அன்புடன்,
உங்கள் மருமகள்