பியூஸ் போச்சு

மீனா லியோனிலிருந்து மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு ராத்திரி, கூடத்தில் பாய் விரித்து இலை போட்டாயிற்று. இடியாப்பம், விரால் குழம்பு. வெள்ளைக்காரருக்கு முள் எடுக்கத் தெரியாதே என்று அம்மா யோசித்து வாங்கிய விரால். மாப்பிள்ளை சம்மணம் போட முயன்று, கடைசியில் ஒரு காலை மட்டும் மடக்கி உட்கார்ந்தார். தமிழில் அவருக்குத் தெரிந்தது வா, போச்சு, போதும். இதில் போதும் அம்மாவிடம் செல்லாது.

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி 1954-லேயே இறங்கிவிட்டது. எங்கள் சொல்தா தாத்தா மட்டும் இறங்கவில்லை. பட்டாளத்துப் பென்ஷன் இன்னும் யூரோவில் வருகிறதல்லவா, மொழிபெயர்ப்புக்கு அவரைத்தான் நடுவில் உட்கார வைத்திருந்தோம்.

மாப்பிள்ளை மீனா பக்கம் சாய்ந்து, "மா பியூஸ்" என்று ஆரம்பித்து ஏதோ கேட்டார்.

அப்பா எச்சில் கையோடு எழுந்தார். "பியூஸா? எந்த ரூம்ல?"

"உக்காருடா. கரண்ட் பியூஸ் இல்ல" என்றார் தாத்தா. "பியூஸ்னா தெள்ளுப்பூச்சி."

அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "மூணு நாளா மெத்தையை வெயில்ல போட்டு அடிச்சேனே! என் வீட்ல தெள்ளுப்பூச்சியா?"

தாத்தா விசாரணையில் இறங்கினார். எங்கே கடித்தது என்று பிரெஞ்சில் கேட்டார். மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பெரியவர் கேட்கிறாரே என்று வேட்டியைத் தூக்கிக் கணுக்காலைக் காட்டினார். ஆற்றங்கரைக் கொசு கடித்த தடிப்பு, சிவப்பாக, நாலைந்து.

அவ்வளவுதான். அப்பாயி கொல்லைக்குப் போய் நொச்சித் தழையை ஒடித்து வந்து தணலில் போட்டாள். கூடம் முழுக்கப் புகை. விரால் எது, விரல் எது என்று தெரியவில்லை. மீனாவுக்குச் சிரிப்பில் புரையேறி, தலையில் தட்டிக்கொண்டே, "பூச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. என்னைக் கொஞ்சறாரு அப்பாயி! அங்கல்லாம் செல்லம்னு சொல்ற மாதிரி" என்றாள்.

"பொண்டாட்டிய எவனாவது பூச்சின்னு கொஞ்சுவானா?"

"நீ என்னைக் கழுதைன்னு கொஞ்சலையா?"

"கழுதைக்கு நாலு காலாவது இருக்கு."

பூச்சிக்கு ஆறு என்று தாத்தா சொல்ல வாயெடுத்த நேரம், பட்டென்று வீடே இருண்டது. நிஜமாகவே.

"போச்சு! பியூஸ் போச்சு!" அம்மா அடுக்களையிலிருந்து கத்தினாள்.

இரண்டு வார்த்தையும் மாப்பிள்ளைக்குத் தெரிந்த வார்த்தை.

"மீனா? மீனா!" இருட்டில் ரசப் பாத்திரம் உருண்டது. யாரோ தவழ்கிற சத்தம். பிறகு அப்பாயியின் குரல், ரொம்பப் பக்கத்தில்:

"கைய விடுடா, தெள்ளுப்பூச்சி. அவ அந்தப் பக்கம்."