ஹேண்டோவர் நோட்: மதுரை ஃபைபர் கம்ப்ளைன்ட், LOS சிவப்பு லைட்

மார்னிங் ஷிஃப்ட்ல இந்த சாட் யாருக்கு வந்தாலும் முதல்ல இதைப் படிச்சிருங்க. "மோடத்தை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்"னு மட்டும் ஆரம்பிச்சிராதீங்க, ஏற்கெனவே ரெண்டு பேர் கேட்டாச்சு. "மூணு நாளா ஒரே கதையை டைப் பண்றேன், நெட்டு வருமா வராதா, அதை மட்டும் சொல்லுங்க"ன்னு கஸ்டமர் மேடம் போட்டிருக்காங்க. நியாயமான கோவம்தான்.

திங்கள் மதியத்துல இருந்து நெட் இல்ல. POWER பச்சை, PON எரியல, LOS சிவப்புல மின்னுது, போட்டோ சாட்லயே இருக்கு. வேற பிளக்ல போட்டுப் பாத்தாச்சு, பின்னாடி இருக்க பச்சை கனெக்டரைக் கழட்டி 'டிக்'னு சத்தம் வர்ற மாதிரி திரும்ப மாட்டியாச்சு, வீட்டுக்குள்ள வயர் எங்கயும் மடங்கல. சிக்னலே உள்ள வராதப்ப வைஃபை பாஸ்வேர்டு, செட்டிங்ஸ்னு போய் பிரயோஜனம் இல்ல. முக்கியமா ரீசெட் பட்டனை அமுக்கச் சொல்லிராதீங்க, PPPoE யூசர்நேம் அழிஞ்சுபோச்சுன்னா கேபிள் சரியானாலும் நெட் வராது, அது இன்னொரு தலைவலி.

பக்கத்து வீட்டுலயும் நம்ம கனெக்‌ஷன்தான், அங்க ஓடுது, டேஷ்போர்டுலயும் ஏரியா அவுட்டேஜ் எதுவும் காட்டல. திங்கக்கிழமை காலைல மேடம் வீட்டு வாசல்ல சாக்கடைக்கு குழி தோண்டினாங்களாம், அதனால போஸ்ட்ல இருந்து வீட்டுக்கு வர்ற ட்ராப் கேபிள்தான் அறுந்திருக்கும்னு நினைக்கிறேன். ஸ்ப்ளைசிங் மெஷினோட வரச் சொல்லி டிக்கெட்ல எழுதியிருக்கேன்.

செவ்வாய்க்கிழமை டெக்னீஷியன் "வீடு பூட்டியிருக்கு, போன் எடுக்கல"ன்னு டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிட்டார். மேடம் நாள் பூரா வீட்டுலதான் இருந்தேன், ஒரு மிஸ்டு கால் கூட வரலன்னு கால் லிஸ்ட் ஸ்க்ரீன்ஷாட்டே அனுப்பிட்டாங்க. தோண்டிப் பாத்தா ரிஜிஸ்டர்டு நம்பர் அவங்க வீட்டுக்காரரோடது, அவர் துபாய்ல இருக்கார், அந்த சிம் ஆஃப். மேடம் நம்பரை ஆல்டர்நேட்ல ஏத்தியாச்சு, ஆனா ஃபீல்டு ஆப்ல ரிஜிஸ்டர்டு நம்பர் மட்டும்தான் தெரியும், அதனால ரிமார்க்ஸ் முதல் வரியிலயும் போட்டிருக்கேன். ஓனர் வேற பேருன்னு மறுபடி ஓடிபி கேக்காதீங்க, வெரிஃபிகேஷன் முடிஞ்சது.

டிக்கெட் திரும்ப ஓபன், ஸ்லாட் வியாழன் காலை 10-12. சாயங்காலம் 5 மணிக்கு ஆன்லைன் டியூஷன் எடுக்கறாங்க, இப்போதைக்கு போன் ஹாட்ஸ்பாட்ல ஓட்டறாங்க, அதனால மதியத்துக்கு மேல தள்ளினா ஒத்துக்க மாட்டாங்க.

பில்லுல கழிச்சுத் தரச் சொல்றாங்க. லைன் வந்ததும் நெட் இல்லாத நாளுக்கு கணக்குப் போட பில்லிங்குக்கு அனுப்பறேன்னு மட்டும்தான் சொன்னேன், தொகை எதுவும் சொல்லல, நீங்களும் சொல்லாதீங்க. கனெக்‌ஷனை கட் பண்ணிருவேன்னு ஒரு தடவை சொன்னாங்க, ஆனா ரிக்வெஸ்ட் எதுவும் குடுக்கல, அதை நாமளா கிளப்ப வேண்டாம்.

தமிழ்லயே பேசுங்க, அவங்களுக்கு அதான் வசதி. 10:30க்குள்ள டெக்னீஷியன் கிளம்பலன்னா அவங்க பிங் பண்றதுக்கு முன்னாடி ஃபீல்டு லீடுக்கு போன் போட்டுட்டு, என்ன ஆச்சுன்னு நீங்களே மேடத்துக்கு சொல்லிருங்க.