ஊர்வலம் எதற்கு: சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பா,

தன்பாலின ஈர்ப்புள்ளவர்களும் திருநர்களும் உரிமை கேட்டு நடத்தும் வானவில் ஊர்வலத்தின் வீடியோவைக் குடும்பக் குழுவில் பார்த்துவிட்டு, "வீட்டுக்குள்ள எப்படியோ இருந்துட்டுப் போகட்டும், தெருவில் எதுக்கு இந்தக் கூத்து? சும்மா பகட்டு" என்று எழுதியிருந்தீர்கள். குழுவில் பதில் போட்டால் பத்து பேர் நடுவில் புகுந்துவிடுவார்கள் என்பதால் தனியாக எழுதுகிறேன். உங்கள் கேள்வி நியாயமான கேள்விதான். அதே கேள்வியை இந்த ஊர்வலத்தைத் தொடங்கியவர்களே தங்களுக்குள் கேட்டுச் சண்டை போட்டிருக்கிறார்கள்.

ஊர்வலம் தொடங்குவதற்கு முன்பே அமெரிக்காவில் "அடக்கமான" வழியை முயன்று பார்த்தார்கள். 1965 முதல் 1969 வரை ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 4 அன்று, பிலடெல்பியாவில் சுதந்திர மண்டபத்தின் முன்னால் சிறு கூட்டமாக மறியல் நடந்தது. ஆண்கள் கோட்டும் டையும் அணிய வேண்டும், பெண்கள் பாவாடை அணிய வேண்டும் என்பது கட்டாய விதி. "நாங்கள் வேலைக்கு ஏற்ற, மரியாதையான ஆட்கள்" என்று காட்டுவதுதான் நோக்கம். அரசு வேலையிலிருந்து நீக்கப்பட்ட வானியல் அறிஞர் ஃபிராங்க் காமெனி அதை முன்னின்று நடத்தினார். நீங்கள் கேட்கும் அடக்கம் இதைவிடக் கூடுதலாக இருக்க முடியாது. ஐந்து ஆண்டுகள் இப்படியே போயின. பெரும்பாலானோர் இவர்களைக் கண்டுகொள்ளவே இல்லை. கடைசி ஆண்டு இரண்டு பெண்கள் கைகோத்து நடந்தபோது காமெனியே குறுக்கே வந்து கையைப் பிரித்துவிட்டார். கைகோத்து நடக்கும் உரிமைக்கான மறியலில் கைகோக்கக் கூடாது என்ற நிலை!

அதற்கு ஒரு வாரம் முன்னால்தான், 1969 ஜூன் 28 அதிகாலையில், நியூயார்க்கில் இவர்கள் கூடும் ஸ்டோன்வால் என்ற மதுக்கூடத்தைப் போலீஸ் சோதனையிட்டது. அப்படிச் சோதனை போடுவது அங்கே வழக்கம்தான். உள்ளே இருப்பவர்களை வரிசையில் நிறுத்துவார்கள், பிறந்த பாலினத்துக்குப் பொருந்தாத உடை போட்டிருந்தால் பிடித்துக்கொண்டு போவார்கள். கைதானவர் பெயர் வெளியே தெரிந்தால் வேலை, வாடகை வீடு, குடும்பம் எல்லாமே போய்விடலாம். அந்த இரவு மட்டும் கூட்டம் கலையாமல் எதிர்த்து நின்றது, கலவரம் பல நாள் நீடித்தது.

அந்த ஆண்டு நவம்பரில் இவர்களின் அமைப்புகள் கூடிய கூட்டத்தில், பிலடெல்பியா மறியலை நியூயார்க்குக்கு மாற்றித் தீர்மானம் போட்டார்கள். அந்தத் தீர்மானத்திலேயே "உடைக்கும் வயதுக்கும் கட்டுப்பாடு கிடையாது" என்று எழுதினார்கள். ஆக, இன்று உங்கள் கண்ணை உறுத்தும் உடை தற்செயலாக வந்து சேர்ந்ததல்ல. கோட்டும் டையும் ஐந்து ஆண்டுகள் தோற்ற பிறகு வேண்டுமென்றே எடுத்த முடிவு. 1970 ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை, ஸ்டோன்வால் இருந்த கிரீன்விச் வில்லேஜ் பகுதியிலிருந்து சென்ட்ரல் பார்க் வரை நியூயார்க்கின் முதல் ஊர்வலம் போயிற்று. அதனால்தான் உலகில் பல இடங்களில் இது ஜூன் மாதத்தில் வருகிறது.

"வீட்டுக்குள் இருக்கட்டும்" என்கிறீர்களே, சட்டம் ஒருபோதும் வீட்டு வாசலில் நின்றுகொள்ளவில்லை. நம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு 1860-இல் எழுதப்பட்டது. மூடிய கதவுக்குள் இருவர் சம்மதத்தோடு செய்வதையும் அது குற்றமாக்கியது. தண்டனை பத்து ஆண்டு வரை, ஏன், ஆயுள் முழுக்கவும்கூட விதிக்க முடிந்தது. வழக்குகள் ஏராளமாகப் போடப்பட்டன என்று சொல்லவில்லை. மிரட்டிப் பணம் பறிக்கவும், புகார் கொடுக்கப் போனவரையே அடக்கவும் அந்தப் பிரிவு இருந்ததே போதுமானதாக இருந்தது. தில்லி உயர் நீதிமன்றம் 2009-இல் வயதுவந்தோர் சம்மதத்தோடு செய்வதை அந்தப் பிரிவிலிருந்து விலக்கியது, உச்ச நீதிமன்றம் 2013-இல் திரும்பக் கொண்டுவந்தது, 2018 செப்டம்பர் 6 அன்று மறுபடி விலக்கியது. ஒரே மனிதர் ஒன்பது ஆண்டுக்குள் குற்றவாளி, குற்றமற்றவர், மீண்டும் குற்றவாளி, மீண்டும் குற்றமற்றவர். இப்படிப்பட்டவர்களுக்கு ஒளிந்திருப்பது அடக்கமல்ல, தண்டனையின் ஒரு பகுதி. வெளியே வந்து நடப்பது அதற்குப் பதில்.

பகட்டு என்ற சொல்லுக்கு எதிராக நான் வைக்கும் வலுவான சாட்சி முகமூடிதான். 1999 ஜூலை 2 அன்று கொல்கத்தாவில் நாட்டின் முதல் நடை போனபோது பதினைந்து பேர் அளவில்தான் வந்தார்கள். 2008-இல் தில்லியில் நடந்தபோது பலர் முகமூடி போட்டுக்கொண்டு வந்தார்கள். தன்னைக் காட்டிக்கொள்ள வருகிறவன் முகத்தை மறைப்பானா? காட்ட வேண்டியது "நாங்கள் இருக்கிறோம்" என்பதை, "இது நான்" என்பதை அல்ல. பிறகு ஆண்டுக்கு ஆண்டு முகமூடிகள் குறைந்தன. ஊர்வலத்தின் பலன் என்ன என்று என்னைக் கேட்டால், கூட்டத்தின் அளவைவிட இதைத்தான் சொல்வேன்.

நீங்கள் பார்த்த வீடியோ முப்பது நொடி. ஊர்வலம் இரண்டு மூன்று மணி நேரம் போகும். கேமராக்காரர் இறகும் ஜரிகையும் போட்டவரைத்தான் தேடி எடுப்பார், அதுதான் ஓடும். சாதாரணச் சட்டை போட்டுத் தண்ணீர் பாட்டிலோடு நடப்பவர், பிள்ளைக்குத் துணையாக வந்த பெற்றோர், சாலை ஓரத்தில் கயிறு பிடித்து வண்டிகளுக்கு வழிவிடும் தன்னார்வலர் எல்லாம் படத்தில் விழமாட்டார்கள். இதற்குப் பின்னால் சலிப்பான வேலை நிறைய உண்டு: பாதைக்கும் நேரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் போலீஸ் அனுமதி, முதலுதவி, கூட்டத்தின் முன்னும் பின்னும் ஆள், முடிந்ததும் குப்பை அள்ளுவது. அனுமதி கடைசி நேரத்தில் மறுக்கப்படுவதும் பாதை மாற்றப்படுவதும் உண்டு. இஸ்தான்புல்லில் 2015 முதல் தடைதான். தடையை மீறி நடப்பவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டே இருக்கிறது.

பகட்டு இல்லவே இல்லை என்று நான் வாதாடவில்லை. பெரிய நகரங்களில் வங்கிகளும் நிறுவனங்களும் அலங்கார வண்டியோடு வந்து, ஜூன் முடிந்ததும் வானவில்லைச் சுருட்டி வைத்துவிடுகின்றன. அதில் எனக்கும் எரிச்சல்தான். 2019-இல் நியூயார்க்கில் இதை எதிர்த்தே நிறுவனங்கள் இல்லாத தனி ஊர்வலம் நடந்தது. உங்கள் குறை அந்த விளம்பர வண்டி மீதென்றால், ஊர்வலத்துக்குள்ளேயே உங்கள் பக்கம் ஆள் உண்டு.

ஒருவரைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். ஜீன் மான்ஃபோர்டு என்ற பள்ளி ஆசிரியை, 1972-இல் நியூயார்க் ஊர்வலத்தில் தன் மகனோடு நடந்தார். பெற்றோரே, பிள்ளைகளுக்கு ஆதரவாக ஒன்றுசேருங்கள் என்று கையில் ஓர் அட்டை. சாலையோரம் நின்றவர்கள் கைதட்டினார்கள், இளைஞர்கள் ஓடிவந்து தங்கள் அப்பா அம்மாவிடம் பேச முடியுமா என்று கேட்டார்கள். மறு ஆண்டே அவர் பெற்றோருக்கான கூட்டத்தைத் தொடங்கினார். அது பின்னாளில் பெரிய அமைப்பாக வளர்ந்தது. அவர் உடுத்தியிருந்தது சாதாரண உடைதான்.

உங்களை ஊர்வலத்துக்கு வாருங்கள் என்று கூப்பிடவில்லை, சித்தப்பா. பிடிக்காமலே இருக்கலாம். இரண்டு விஷயம் மட்டும். அடுத்த முறை இப்படி வீடியோ வந்தால், ஆட்டத்தைவிட்டு அவர்கள் பிடித்திருக்கும் பதாகைகளை நிறுத்திப் படியுங்கள். பெரும்பாலும் வேலை, வாடகை வீடு, மருத்துவம், சொத்துரிமை என்றுதான் இருக்கும். இன்னொன்று, யாருடைய முகமாவது தெளிவாகத் தெரிந்தால் வேறு குழுவுக்கு அனுப்பாதீர்கள். அந்தப் பிள்ளை வீட்டில் இன்னும் சொல்லாமல் இருக்கலாம். உங்கள் கையிலிருந்து போகும் வீடியோ அவர்கள் வீட்டுக்கு முதலில் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது.

சித்தியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் செல்வி